இரண்டு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு: வெட்டும் புள்ளிகளை முதலில் கண்டுபிடியுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது ஒரு மாதிரித் தேர்வில் `y = x³ − x²` என்ற வளைவரைக்கும் `y = 2x` என்ற நேர்க்கோட்டுக்கும் இடையே அடைபடும் பரப்பைக் கேட்டிருந்தார்கள். நான் எழுதிய விடை 9/4. சரியான விடை 37/12. தாள் திரும்பி வந்ததும் தொகையிடலை மூன்று முறை சரிபார்த்தேன்; அதில் ஒரு பிழையும் இல்லை. தவறு இரண்டாவது வரியில் இருந்தது. வெட்டும் புள்ளிகள் மூன்று; நான் கண்டுபிடித்தவை இரண்டு. மூன்றாவதை நானே என் கையால் அழித்திருந்தேன்.

அதற்குப் பிறகும் இதே வகைக் கணக்குகளில் வெவ்வேறு விதமாகச் சறுக்கினேன். ஒவ்வொரு சறுக்கலும் வெட்டும் புள்ளிகளில்தான் தொடங்கியது. இப்போது நான் பின்பற்றும் வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். `xⁿ`-ஐத் தொகையிடவும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கவும் தெரிந்திருந்தால் இதைப் பின்தொடரலாம்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் நேரம்

ஒரு வெற்றுத்தாள், பென்சில், அளவுகோல் போதும். வரைபடத்தாள் தேவையில்லை, படம் அளவு பிசகாமல் இருக்க வேண்டியதில்லை, எந்தக் கோடு எதை எங்கே வெட்டுகிறது என்று தெரிந்தால் சரி. கால்குலேட்டர் கடைசிப் படியில் மட்டும் வரும்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வில் 90 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம். அந்தக் கணக்கில் 5 மதிப்பெண் வினா ஒன்றுக்கு 10 நிமிடம் கிடைக்கிறது. அதில் பாதியை வெட்டும் புள்ளிகளுக்கும் படத்துக்கும் கொடுங்கள். நான் முன்பு ஒரு நிமிடத்தில் புள்ளிகளை முடித்துவிட்டு எட்டு நிமிடம் தொகையிட்டுக்கொண்டிருந்தேன். எல்லைகள் தவறாக இருந்தால் அந்த எட்டு நிமிட உழைப்பு முழுவதும் வேறு ஏதோ ஒரு பரப்பைத்தான் கணக்கிடுகிறது.

2. சமப்படுத்துங்கள், ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், வகுக்காதீர்கள்

இரண்டு வளைவரைகளும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் `y` மதிப்பும் ஒன்றே. ஆகவே:

`x³ − x² = 2x`

இங்கேதான் நான் இரண்டு பக்கத்தையும் `x`-ஆல் வகுத்தேன். `x² − x − 2 = 0` என்று வந்தது; அதிலிருந்து `x = −1`, `x = 2`. பார்க்க அழகாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆனால் `x`-ஆல் வகுக்கும் அந்தக் கணத்தில் `x` பூச்சியமாக இருக்க முடியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஆதிப்புள்ளியிலோ இரண்டும் வெட்டிக்கொள்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து, வலப்பக்கம் பூச்சியமாக்கி, பிறகு காரணிப்படுத்துங்கள்:

`x³ − x² − 2x = 0`
`x(x + 1)(x − 2) = 0`

மூலங்கள் `−1`, `0`, `2`. எழுதி முடித்ததும் மூலங்களை எண்ணிப் பாருங்கள். முப்படிச் சமன்பாட்டுக்கு மெய்ம்மூலங்கள் அதிகபட்சம் மூன்று, இருபடிக்கு இரண்டு. எண்ணிக்கை அதற்குக் குறைவாக இருந்தால் அது தவறாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஏன் குறைந்தது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு எண்கோட்டை வரைந்து மூலங்களைச் சிறியதிலிருந்து பெரியதாகக் குறியுங்கள். கணக்கின் மீதி முழுவதும் இந்தக் கோட்டின் மீதுதான் நடக்கும்.

கேள்வியிலேயே எல்லைகள் கொடுத்திருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். `y = sin x`, `y = cos x` இரண்டுக்கும் இடையே `x = 0` முதல் `x = π` வரை உள்ள பரப்பு என்று கேட்டால், எல்லைகள்தான் இருக்கின்றனவே என்று பலர் நேராகத் தொகையிடப் போய்விடுகிறார்கள். விடை 2 என்று வருகிறது. நடுவில் `x = π/4`-இல் இரண்டும் வெட்டிக்கொண்டு மேல் கீழாக மாறிவிடுகின்றன. அங்கே பிரித்துக் கணக்கிட்டால் முதல் பகுதி `√2 − 1`, இரண்டாம் பகுதி `√2 + 1`, மொத்தம் `2√2`, அதாவது சுமார் 2.83.

3. ஒவ்வொரு புள்ளியையும் மூலச் சமன்பாடுகளில் போட்டுப் பாருங்கள்

வகுத்தால் ஒரு புள்ளி காணாமல் போகிறது. வர்க்கப்படுத்தினால் இல்லாத ஒரு புள்ளி முளைக்கிறது. இரண்டாவது ஆபத்தைப் பிடிக்க இந்தப் படி.

`y = √(2x)` என்ற வளைவரையும் `y = x − 4` என்ற கோடும் எங்கே சந்திக்கின்றன? வர்க்கமூலத்தை நீக்க இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால்:

`2x = (x − 4)²`
`x² − 10x + 16 = 0`
`x = 2` அல்லது `x = 8`

இப்போது இவற்றை முதலில் கொடுத்த சமன்பாடுகளில் போடுங்கள். `x = 8` எனில் `√16 = 4`, `8 − 4 = 4`, பொருந்துகிறது. `x = 2` எனில் `√4 = 2`, ஆனால் `2 − 4 = −2`, பொருந்தவில்லை. இந்த இரண்டு வளைவரைகளுக்கும் ஒரே ஒரு வெட்டும் புள்ளிதான்: `(8, 4)`.

அதே கேள்வியில் `y = √(2x)`-க்குப் பதிலாக `y² = 2x` என்ற முழுப் பரவளையம் இருந்தால் நிலைமை வேறு. அப்போது `(2, −2)` உண்மையான வெட்டும் புள்ளி, ஏனென்றால் பரவளையத்தின் கீழ்க்கிளை அங்கே போகிறது. கேள்வித்தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். எது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விரல் வைத்து வாசியுங்கள்.

புள்ளியை எழுதும்போது `x` மதிப்போடு நிறுத்தாமல் `y` மதிப்பையும் எழுதுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். `y` மதிப்பைக் கணக்கிடும்போதே போலிப் புள்ளி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறாவது படியிலும் அந்த `y` மதிப்புகள் தேவைப்படும்.

4. ஒவ்வொரு பகுதியிலும் எது மேலே என்று தனித்தனியாகப் பாருங்கள்

எண்கோட்டில் `−1`, `0`, `2` மூன்றும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இரண்டு பகுதிகள். அடுத்தடுத்த இரண்டு வெட்டும் புள்ளிகளுக்கு நடுவில், இடையில் முறியாத இரண்டு வளைவரைகள் மேல் கீழாக மாற முடியாது. மாற வேண்டுமானால் சந்தித்தாக வேண்டும், சந்திப்புகள் எல்லாம் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும்.

அந்த எண்ணாகப் பகுதியின் நடுப்புள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் ஏழாவது படியில் வரும்.

`−1`-க்கும் `0`-க்கும் நடுவே `x = −0.5`. முப்படி வளைவரையின் மதிப்பு `−0.125 − 0.25 = −0.375`. கோட்டின் மதிப்பு `−1`. இங்கே முப்படி மேலே, இடைவெளி 0.625.

`0`-க்கும் `2`-க்கும் நடுவே `x = 1`. முப்படியின் மதிப்பு `1 − 1 = 0`. கோட்டின் மதிப்பு `2`. இங்கே கோடு மேலே, இடைவெளி 2.

இவற்றைப் படத்திலேயே எழுதி வையுங்கள். முதல் பகுதியில் இரண்டு வளைவரைகளும் `x` அச்சுக்குக் கீழே இருக்கின்றன என்பதைக் கண்டு பலர் தயங்குகிறார்கள், நானும் தயங்கியிருக்கிறேன். அதனால் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையே உள்ள உயரம். `−0.375`-லிருந்து `−1`-ஐக் கழித்தால் உயரம் மிகை எண்ணாகவே வருகிறது. அச்சு எங்கே போகிறது என்பது இந்தக் கணக்குக்குத் தேவையற்ற செய்தி.

ஒரு பகுதியில் இது மேலே என்றால் அடுத்த பகுதியில் அது மேலே என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டும் போகக் கூடாது. `y = x³ + x`, `y = 2x²` இரண்டையும் சமப்படுத்தினால் `x(x − 1)² = 0` வருகிறது. `x = 1`-இல் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன, ஆனால் கடந்து போவதில்லை. அதற்கு இடப்புறம் மேலே இருந்ததே வலப்புறமும் மேலே இருக்கிறது. காரணியின் அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

5. பகுதி பகுதியாகத் தொகையிட்டு, பிறகு கூட்டுங்கள்

முதல் பகுதி, மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழித்து:

`∫ (x³ − x² − 2x) dx`, `−1` முதல் `0` வரை

தொகையிட்டால் `x⁴/4 − x³/3 − x²`. மேல் எல்லை `0`-இல் இதன் மதிப்பு 0. கீழ் எல்லை `−1`-இல் `1/4 + 1/3 − 1 = −5/12`. ஆகவே பரப்பு `0 − (−5/12) = 5/12`.

இரண்டாம் பகுதியில் கோடு மேலே:

`∫ (2x − x³ + x²) dx`, `0` முதல் `2` வரை

தொகையிட்டால் `x² − x⁴/4 + x³/3`. `x = 2`-இல் `4 − 4 + 8/3 = 8/3`, `x = 0`-இல் 0. ஆகவே பரப்பு `8/3`.

மொத்தம் `5/12 + 32/12 = 37/12` சதுர அலகுகள்.

என் பழைய விடை எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரியும். `−1` முதல் `2` வரை ஒரே மூச்சில் தொகையிட்டேன். இரண்டு பகுதிகளும் எதிரெதிர்க் குறியோடு வந்து `5/12 − 32/12 = −27/12`, அதாவது `−9/4` கிடைத்தது. பரப்பு குறை எண்ணாக இருக்க முடியாது என்று அன்று எனக்கும் தெரியும். ஆனால் ஏன் குறை எண் வந்தது என்று தேடாமல், குறியை அழித்துவிட்டு `9/4` என்று எழுதினேன். பகுதி பகுதியாகத் தொகையிடும்போது குறை எண் வந்தால், மேல் கீழ் மாறிவிட்டது அல்லது ஒரு வெட்டும் புள்ளி தவறிவிட்டது என்று பொருள். கடைசியில் மட்டு மதிப்புக் குறியைப் போட்டால் முதல் வகைத் தவறு சரியாகிவிடும். இரண்டாவது அப்படியே உள்ளே தங்கி, சரியான விடை போலத் தோற்றம் தரும்.

6. பட்டை நிமிர்ந்து நிற்க வேண்டுமா, படுத்திருக்க வேண்டுமா?

`y² = 2x` என்ற பரவளையத்துக்கும் `y = x − 4` என்ற கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பை எடுத்துக்கொள்வோம். வெட்டும் புள்ளிகள் `(2, −2)`, `(8, 4)`. இங்கே `x`-ஐ வைத்து `2` முதல் `8` வரை தொகையிட்டால் ஒரு துண்டு விடுபட்டுப்போகும். படத்தைப் பார்த்தால்தான் தெரியும்: பரவளையத்தின் முனை ஆதிப்புள்ளியில் இருக்கிறது, ஆகவே பரப்பு `x = 0`-லேயே தொடங்கிவிடுகிறது. `0` முதல் `2` வரை மேலேயும் கீழேயும் பரவளையத்தின் இரு கிளைகள், `2` முதல் `8` வரை மேலே பரவளையம், கீழே கோடு. இரண்டு தொகையீடுகள் தேவை, அவை `16/3`, `38/3`, கூட்டினால் 18.

அதையே கிடைமட்டப் பட்டைகளாக நறுக்கினால், எந்தப் பட்டையும் இடப்பக்கம் பரவளையத்தில் தொடங்கி வலப்பக்கம் கோட்டில் முடிகிறது. `x`-ஐ `y`-இன் மூலம் எழுதினால் கோடு `x = y + 4`, பரவளையம் `x = y²/2`. எல்லைகள், மூன்றாவது படியில் எழுதி வைத்த `y` மதிப்புகள்: `−2`, `4`.

`∫ (y + 4 − y²/2) dy`, `−2` முதல் `4` வரை, விடை 18 சதுர அலகுகள்

ஒரே தொகையீடு, வர்க்கமூலமும் இல்லை. தேர்வில் இது மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தும். எதைத் தேர்வு செய்வது என்று முடிவெடுக்கப் படத்தில் பென்சிலை நிமிர்த்தி வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். பென்சிலின் மேல்முனையோ கீழ்முனையோ நடுவழியில் வேறு வளைவரைக்குத் தாவினால், பென்சிலைப் படுக்கவைத்துக் கீழிருந்து மேலாக நகர்த்திப் பாருங்கள். தாவல் குறைவான வழியே உங்கள் வழி. `dy` எழுதிவிட்டு எல்லைகளாக `x` மதிப்புகளைப் போடுவது இந்த இடத்தில் மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

7. அரை நிமிடத்தில் விடையைச் சரிபார்க்கும் வழி

இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். இரண்டு சமன்பாடுகளின் வித்தியாசம் மூன்றாம் படிக்கு மிகாத பல்லுறுப்புக் கோவையாக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு வெட்டும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள பரப்பு:

`(2/3) × அகலம் × நடுப்புள்ளியில் உள்ள இடைவெளி`

இது தோராயம் இல்லை, துல்லியமான மதிப்பு. நான்காவது படியில் நடுப்புள்ளியை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். நம் முதல் பகுதியின் அகலம் 1, நடு இடைவெளி 0.625 அதாவது 5/8, `(2/3) × 1 × 5/8 = 5/12`. இரண்டாம் பகுதியின் அகலம் 2, நடு இடைவெளி 2; `(2/3) × 2 × 2 = 8/3`. பரவளையக் கணக்கில் `y` அகலம் 6, நடுவில் `y = 1`, அங்கே இடைவெளி `1 + 4 − 1/2 = 4.5`, `(2/3) × 6 × 4.5 = 18`. எல்லாம் பொருந்துகின்றன.

இந்தச் சூத்திரம் இரு முனைகளிலும் இடைவெளி பூச்சியமாக இருக்கும்போது மட்டுமே செல்லும். கேள்வியில் கொடுத்த எல்லை ஒன்று வெட்டும் புள்ளியாக இல்லாவிட்டால் பயன்படுத்தாதீர்கள். விடைத்தாளில் தொகையிடலுக்குப் பதிலாக இதை எழுதவும் வேண்டாம். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. வெற்றுத்தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட புள்ளியை இது கண்டுபிடித்துத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்: நான் `−1`, `2` இரண்டையும் அடுத்தடுத்த புள்ளிகள் என்று நம்பி இதைப் போட்டிருந்தால் `(2/3) × 3 × 1.125`, அதாவது அதே `9/4` வந்திருக்கும்.

8. காரணிப்படுத்த முடியாத புள்ளிகள்

கல்லூரிக்குப் போனபின் `y = cos x`, `y = x²` போன்ற இணைகள் வரும். `cos x = x²` என்பதை எந்தக் காரணிப்படுத்தலாலும் தீர்க்க முடியாது. முதலில் படம்: இரண்டும் `y` அச்சைப் பொறுத்துச் சமச்சீரானவை, ஆகவே ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் அதன் பிரதிபலிப்பு. `x` மதிப்பு 1-ஐத் தாண்டினால் `x²` 1-ஐத் தாண்டிவிடுகிறது, `cos x` தாண்டாது. ஆகவே வேறு புள்ளிகள் இல்லை. எண்ணிக்கை இரண்டு என்று உறுதியான பிறகு கால்குலேட்டரை எடுங்கள், ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

`x = 0.8` எனில் `cos x` சுமார் 0.697, `x²` 0.64, `cos` மேலே. `x = 0.85` எனில் `cos x` சுமார் 0.660, `x²` 0.7225, `cos` கீழே. புள்ளி நடுவில் இருக்கிறது. இப்படியே இடைவெளியைச் சுருக்கிக்கொண்டு போனால் `x ≈ 0.824`. பரப்பு:

`2 (sin a − a³/3)`, `a = 0.824` எனில் சுமார் 1.0948

எத்தனை தசமம் வரை போக வேண்டும் என்று நான் வெகுநேரம் குழம்பியிருக்கிறேன். `a = 0.8` என்றே நிறுத்தியிருந்தால் பரப்பு 1.0934 என்று வரும், புள்ளியில் 0.024 பிசகியும் பரப்பில் 0.0014-தான் பிசகுகிறது. வெட்டும் புள்ளிக்கு அருகில் இரண்டு வளைவரைகளுக்கும் இடையே உயரமே கிட்டத்தட்ட இல்லாததால், அங்கே எல்லையைச் சற்று நகர்த்தினால் ஒரு மெல்லிய முக்கோணம் மட்டுமே கூடும் அல்லது குறையும். புள்ளியின் பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் பரப்பின் பிழை ஏறக்குறைய நூறில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே பரப்பு நான்கு தசமம் வரை வேண்டுமானால் புள்ளி மூன்று தசமம் வரை கிடைத்தாலே பெரும்பாலும் போதும்; மிச்சமாகும் நேரத்தில், வேறு எங்காவது அவை வெட்டிக்கொள்கின்றனவா என்று படத்தை இன்னொரு முறை பாருங்கள்.